பேட்டிப் பதிவு எழுதுவது எப்படி: கேள்வி தயாரிப்பதிலிருந்து மேற்கோளைச் சரிபார்ப்பது வரை

பேட்டி எடுத்து எழுதும் பதிவுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. பேசியவர் பேச்சுத் தமிழில் சொல்கிறார், நாம் எழுத்துத் தமிழில் போடுகிறோம், நடுவில் நடக்கும் அந்த மாற்றத்தை யாரும் ஒரு திருத்தம் என்றே நினைப்பதில்லை. "போயிருவோம்" என்றதை "சென்றுவிடுவோம்" என்று எழுதினால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று தோன்றும். பல நேரம் ஒன்றும் குறையாதுதான். ஆனால் அதே கையோடு அவர் சொல்லாத ஒரு எழுவாயைச் சேர்த்துவிடுகிறோம், "அப்படின்னு சொல்வாங்க" என்ற வாலை வெட்டிவிடுகிறோம், அவர் தன்னைத் திருத்திக்கொண்ட இரண்டாவது வாக்கியத்தை இடம் போதாது என்று எடுத்துவிடுகிறோம். பதிவு வந்தபிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று அவர் கேட்டால், ஒலிப்பதிவைப் போட்டுப் பாருங்கள், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இதைப் பொதுவாகச் சொன்னால் புரியாது. அதனால் ஒரே ஒரு பேட்டியை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கொண்டுபோகிறேன். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் பல வருடமாக உப்பு வாரும் ஒரு அக்காவிடம் பேசி ஒரு பதிவு எழுதப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் பேச்சாக வருவது விளக்கத்துக்காக நான் அமைத்தது. தொழிலைப் பற்றிய விவரங்கள் உண்மையானவை.

முதலில், என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்

"உப்பளத் தொழிலாளி ஒருவருடன் ஒரு சந்திப்பு" என்பது ஒரு தலைப்புத்தான், அதை வைத்துக்கொண்டு கேள்வி தயாரிக்க முடியாது. அந்த அளவோடு கிளம்பினால் பிறந்த ஊர், படிப்பு, எத்தனை வருட அனுபவம், கஷ்டங்கள், அரசுக்குக் கோரிக்கை என்று எல்லோரும் கேட்பதையே கேட்டுவிட்டுத் திரும்புவோம். நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதை ஒரே ஒரு கேள்வியாக எழுதிப் பாருங்கள். நம் பேட்டிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: மழை வந்து உப்பளம் நின்றுபோகும் மாதங்களில் அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடுகிறது? இதை அந்த அக்காவிடம் இப்படியே கேட்கப்போவதில்லை. ஆனால் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இதற்கு எந்த விதத்தில் உதவும் என்று பார்க்க இது கையில் இருக்கவேண்டும்.

அப்புறம் தொழிலைப் பற்றிப் படிக்கவேண்டும். ஒரு மாலைப்பொழுது போதும். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பகுதியில். அங்கே பல அளங்களில் நிலத்தடியிலிருந்து எடுக்கும் உவர்நீரைப் பாத்தி பாத்தியாக விட்டு வெயிலில் சுண்டவைக்கிறார்கள். தை, மாசி வாக்கில் வேலை தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் அதோடு சரி. தண்ணீர் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்பதை ஒரு மிதவை மானியை வைத்து அளக்கிறார்கள். அதன் அளவைப் போமே டிகிரி என்பார்கள். சாதாரணக் கடல்நீர் சுமார் 3, 3.5 இருக்கும். 25ஐத் தொடும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30ஐத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும், அதனால் அதற்கு முன்பே மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள்.

இவ்வளவு எதற்கு என்று கேட்டால், அந்த அக்கா "இருவத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் உப்பு" என்று சொல்லும்போது அது வெயிலின் சூடு இல்லை, தண்ணீரின் அடர்த்தி என்று உங்களுக்குச் சட்டென்று தெரியவேண்டும். தெரியாமல் போனால் "வெப்பநிலை 25 டிகிரியை எட்டியதும்" என்று எழுதிவிடுவீர்கள். தூத்துக்குடியில் விடியற்காலையிலேயே பல நாள் அவ்வளவு சூடு இருக்கும். தொழில் தெரிந்தவர் அந்த ஒரு வரியைப் படித்ததும் மீதியையும் நம்பமாட்டார்.

படித்ததை வைத்து ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். யாரைக் கேட்டாலும் தெரிகிற விஷயங்கள் ஒரு பக்கம், அவரைக் கேட்டால் மட்டும் தெரிகிற விஷயங்கள் இன்னொரு பக்கம். உப்பு எப்படி விளைகிறது என்பது முதல் பக்கம். போன கார்த்திகையில் அவர் வீட்டு அடுப்பு எதை வைத்து எரிந்தது என்பது இரண்டாம் பக்கம். அவருடைய நேரத்தை இரண்டாம் பக்கத்துக்குக் கொடுங்கள். முதல் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு கேட்கலாம், அதுவும் அவர் வாயால் எப்படிச் சொல்கிறார் என்று கேட்பதற்காக.

கேள்விகளைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள்

கேள்வித் தாளை எழுத்துத் தமிழில் தயாரித்தால் அதை அப்படியே வாசித்துவிடுவோம். "தங்கள் பணியில் தாங்கள் எதிர்கொள்ளும் சவால்கள் யாவை?" என்று கேட்டால் எதிரில் இருப்பவரும் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார். "ரொம்பக் கஷ்டமான வேலைங்க, அரசாங்கம் ஏதாவது செய்யணும்" என்று முடிந்துபோகும். உங்கள் கேள்வி எந்த நடையில் இருக்கிறதோ அந்த நடையில்தான் பதிலும் வரும்.

இன்னொன்று, பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஒரு குறிப்பிட்ட நாளைக் கேளுங்கள். "ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?" என்பதைவிட "நேத்து அளத்துக்குப் போனீங்கல்ல, எந்திரிச்சதுலேருந்து சொல்லுங்களேன்" என்பது பல மடங்கு மேல். நேற்று நடந்ததைச் சொல்லும்போது நேரம், ஆட்கள், என்ன சாப்பிட்டார், யார் திட்டினார்கள், எல்லாம் தானாக வரும். அதே மாதிரி "மழைக்காலத்துல எப்படிச் சமாளிப்பீங்க?" என்பதற்குப் பதில் "போன தீவாளிக்கு வேலை இருந்துச்சா? அந்தச் செலவுக்கு என்ன பண்ணீங்க?"

பதிலை உள்ளே வைத்துக் கேட்பதுதான் நம்மிடம் அதிகம் இருக்கும் பழக்கம். "கண்ணெல்லாம் ரொம்ப எரியுமேக்கா?" என்றால் அவர் "ஆமா" என்பார். அந்த "ஆமா"வை வைத்து "கண் எரிச்சலால் அவதிப்படுவதாகச் சொல்கிறார்" என்று எழுதுவீர்கள். சொன்னது நீங்கள்தான், அவர் இல்லை. "வெயில்ல அந்த வெள்ளையப் பாத்துக்கிட்டே இருக்கீங்களே, கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவருக்குக் கண்ணைவிடப் பாதம்தான் பெரிய தொந்தரவு என்றால் அவரே அங்கே போவார்.

ஒரு மணி நேரப் பேச்சுக்கு எட்டு முதல் பத்துக் கேள்வி போதும். வேலையில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் அதில் அவர் கெட்டிக்காரர், கூச்சமில்லாமல் பேசுவார். கூலி, கடன், முதலாளி, உடம்பு இதெல்லாம் பாதிக்குமேல் வரட்டும். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்காதீர்கள், கடைசியாகக் கேட்டதற்குத்தான் பதில் வரும். எல்லாம் முடிந்தபின், "நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டு ஒலிப்பதிவை நிறுத்தாமல் கொஞ்சம் உட்காருங்கள். நல்ல செய்தி பல சமயம் அங்கேதான் வரும்.

பேச ஆரம்பிக்கும் முன் சொல்லவேண்டியவை

எதற்காக எழுதுகிறீர்கள், எங்கே வரும், யாரெல்லாம் படிக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இணையத்துல போடுவேன்" என்பது போதாது. "உங்க முதலாளியும் செல்லுல பாக்கலாம், உங்க சொந்தக்காரங்களும் பாக்கலாம்" என்று சொன்னால்தான் அவருக்கு விஷயம் புரியும். பேர் போடலாமா, ஊர் போடலாமா, படம் போடலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பேர் வேண்டாம் என்பவர் படத்துக்குச் சரி என்பார், அப்போது படம் போட்டால் பேர் போட்ட மாதிரிதான் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். சின்ன ஊரில் வயது, தெரு, அளத்தின் பேர் மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

"இதை எழுதாதீங்க தம்பி" என்று நடுவில் சொன்னால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுவது நல்லது. சொல்வதற்கு முன்பே கை காட்டினால் நிறுத்திவிடுவேன் என்று ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். பத்திரிகைக்காரர்கள் அமைச்சரிடம் பேசும்போது, சொன்னபிறகு திரும்பப் பெறமுடியாது என்று கறாராக இருப்பார்கள். அது அமைச்சருக்குச் சரி. தினக்கூலிக்குப் போகிற ஒருவரிடம் அந்தக் கறார் எனக்குச் சரியாகப் படவில்லை, அவர் பின்னால் யோசித்துச் சொன்னாலும் நான் எடுத்துவிடுவேன்.

ஒலிப்பதிவும் குறிப்பும்

அளத்தில் வைத்துப் பேட்டி எடுக்கவேண்டும் என்று ஆசையாக இருக்கும். போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், ஆனால் பேட்டியை வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று செல்போன் ஒலிவாங்கியில் நேராக அடித்தால் பாதிப் பேச்சு போய்விடும். அதுபோக, மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கூலியைப் பற்றி யார் பேசுவார்கள்? செல்லை அவருக்குப் பக்கத்தில் துணிமேல் வைத்து, அரை நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டு, அழைப்பு வராதபடி செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒலிப்பதிவில் வராத விஷயங்கள் இரண்டு. ஒன்று, கை. "தண்ணி இவ்ளோதான் நிக்கும்" என்று கையைக் காட்டுவார், ஒலியில் "இவ்ளோ" மட்டும் இருக்கும். உடனே "கணுக்காலுக்காக்கா?" என்று வாயால் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். இன்னொன்று எண். பேச்சில் "அம்பது", "எம்பது" இரண்டும் காற்றில் ஒரே மாதிரி கேட்கும். கூலி, மூட்டை, வருடம், எதுவானாலும் எண் வந்தால் "அஞ்சு பத்து அம்பதா, எட்டு பத்து எம்பதா?" என்று திரும்பக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். அலகையும் கேளுங்கள். கூலி நாளுக்கா, வாரத்துக்கா, மூட்டைக்கா, ஒருவருக்கா, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தா என்று தெரியாமல் ஒரு தொகையை எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுத வேண்டாம். முக்கியமாக ஏதாவது சொன்னால் செல்லில் ஓடும் நிமிடத்தைப் பார்த்து "23:10 தீவாளிக் கடன்" என்று எழுதுங்கள். பின்னால் தேடும் வேலை மிச்சம்.

எழுத்தாக்குவது

அன்று ராத்திரியே, முடியாவிட்டால் மறுநாள், கேட்டு எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நாலு மணி நேரம் பிடிக்கும். முழுவதும் வேண்டாம் என்றால் குறித்துவைத்த நிமிடங்களைச் சுற்றி மட்டும் எழுதலாம், ஆனால் மேற்கோளாக வரப்போகும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னும் பின்னும் இரண்டு நிமிடமாவது இருக்கட்டும். குரல்வழித் தட்டச்சில் முதல் வரைவு எடுத்தால், வட்டாரப் பேச்சை அது தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிட்டிருக்கும், அதனால் காதால் ஒருமுறை முழுக்க ஒப்பிடாமல் எதையும் எடுக்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் திருத்தவே கூடாது. பேசியது பேசியபடி, தயங்கியது தயங்கியபடி. நம் பேட்டியின் ஒரு துண்டு இப்படி வருகிறது:

"வெயிலுக்கு முன்னாடி வாரணும்லா தம்பி, நாலு மணிக்கெல்லாம் போயிருவோம். டிகிரி பாத்துட்டுத்தான் தண்ணிய விடுவாங்க. இருவத்தஞ்சு வந்தாத்தான் உப்பு. ரொம்ப ஏறிப்போச்சுன்னா கசந்துரும்னு சொல்வாங்க. மழக்காலத்துல ஒண்ணும் கெடையாது. அஞ்சாயிரம் குடுப்பாங்க. போன வருசம் குடுக்கல... அதாவது எனக்கு வரல, எங்க தெருவுல நாலஞ்சு பேருக்கு வந்துச்சு."

இதை மேற்கோளாக்கும்போது என்ன நடக்கிறது

அவசரமாக எழுதுகிற ஒருவர் இதை இப்படி மாற்றுவார்:

"அதிகாலை 4 மணிக்கே வேலைக்குச் சென்றுவிடுவோம். வெப்பநிலை 25 டிகிரியை எட்டினால்தான் உப்பு விளையும். அளவுக்கு மேல் சென்றால் உப்பு கசந்துவிடும். மழைக்காலத்தில் அரசு 5,000 ரூபாய் வழங்கும். சென்ற ஆண்டு அரசு வழங்கவில்லை."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் வேறு இருக்கிறது. ஆனால் இதில் நாலு இடத்தில் அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்திருக்கிறோம்.

வெப்பநிலையைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். இரண்டாவது, "சொல்வாங்க" போய்விட்டது. உப்பு கசக்கும் என்பதை அவர் தன் அனுபவமாகச் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லிக் கேட்டதாகச் சொன்னார். இந்த இடத்தில் தகவல் சரியானது என்பதால் பெரிய சேதம் இல்லை. ஆனால் அதே "சொல்வாங்க"வை "முதலாளி கணக்குல குறைச்சு எழுதுறான்னு சொல்வாங்க" என்ற வாக்கியத்திலிருந்து வெட்டினால், கேள்விப்பட்டது நேரடிக் குற்றச்சாட்டாக மாறி அந்த அக்காவின் தலைமேல் விழும். "-ஆம்", "போல", "மாதிரி இருக்கு", "நினைக்கேன்", இதெல்லாம் அலங்காரமாகத் தெரியும், இவைதான் பேசியவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதைக் காட்டுகின்றன. "வந்து", "அது என்னன்னா", "ம்ம்" போன்றவற்றை எடுக்கலாம். "-ஆம்", "போல" போன்றவற்றை எடுக்கக்கூடாது.

மூன்றாவது, எழுவாய். தமிழில் "குடுப்பாங்க" என்றால் யார் கொடுப்பார்கள் என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லை, பேசுகிற இரண்டு பேருக்கும் புரிந்தால் போதும். எழுத வரும்போது அந்த வெற்றிடம் நம்மை உறுத்துகிறது, கைக்கு வந்ததை வைத்து நிரப்பிவிடுகிறோம். இங்கே 5,000 ரூபாய் என்பது உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு கொடுக்கும் மழைக்கால நிவாரணத் தொகை, அதனால் "அரசு" என்று யூகிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அளத்து முதலாளி கொடுக்கும் முன்பணமாகவும் இருக்கலாம் இல்லையா? "யாருக்கா குடுப்பாங்க, கவுருமெண்டா?" என்று அப்போதே கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். கேட்காமல் விட்டால் தொலைபேசியில் கேளுங்கள். கேட்டு உறுதிசெய்தபின் சேர்க்கும் சொல்லைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், அது நீங்கள் போட்டது என்று வாசகருக்குத் தெரியும்.

"குடுப்பாங்க" என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமாகக் கொடுப்பது, இனிமேல் கொடுக்கப்போவது, இரண்டுக்கும் தமிழில் அதே வடிவம்தான். "வழங்கும்" என்று போட்டாலும் அந்த மயக்கம் தீராது. வருஷா வருஷமா, இந்த வருஷம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டாரா என்று கேட்டுத்தான் தீர்க்கமுடியும்.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் மோசம். "குடுக்கல" என்று சொல்லிவிட்டு, நிறுத்தி, "அதாவது எனக்கு வரல" என்று அவரே திருத்தினார். தெருவில் சிலருக்கு வந்தது என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டால் அரசு யாருக்குமே கொடுக்கவில்லை என்று ஆகிறது. அது பொய்யான செய்தி, அதையும் அவர் சொன்னதாகப் போட்டிருக்கிறோம். உண்மையில் இங்கே பதிவுக்குத் தேவையான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: ஒரே தெருவில் சிலருக்கு வந்து சிலருக்கு ஏன் வரவில்லை? நல வாரியப் பதிவா, அட்டையைப் புதுப்பிக்காததா, வங்கிக் கணக்கா? திருத்தத்தை வெட்டியதில் அந்தக் கேள்வியே தொலைந்துபோயிற்று.

சரி, பேச்சுத் தமிழை அப்படியே போடுவதா, எழுத்துத் தமிழாக்குவதா? நான் வைத்திருக்கும் முறை இது. மேற்கோள் குறிக்குள் போனால் அவர் பேச்சு, அவர் சொற்கள், அவர் வட்டார வழக்கு. தேவையற்ற இழுவைகளை மட்டும் எடுக்கலாம். எழுத்துத் தமிழில் சொல்லவேண்டும் என்றால் குறியை எடுத்துவிட்டு, நான் சொல்வதாக, "என்கிறார்" போட்டு எழுதுவேன். இரண்டுக்கும் நடுவில், எழுத்துத் தமிழாக்கிய வாக்கியத்தைக் குறிக்குள் போடுவதை முடிந்தவரை தவிர்ப்பேன். கேள்வி பதில் வடிவப் பதிவில் இது முடியாமல் போகலாம், இரண்டாயிரம் சொல் பேச்சுத் தமிழில் ஓடினால் வாசகர் களைத்துவிடுவார். அப்போது பதிவின் தலையிலேயே "பேச்சு எழுத்து நடைக்கு மாற்றப்பட்டிருக்கிறது, சுருக்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

பேச்சு வழக்கைப் போடும்போது ஒரு கவனம் வேண்டும். அந்த அக்கா பேசுவதை "வாரணும்லா" என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே அதிகாரி ஒருவர் பேசியதைச் சுத்தமான எழுத்துத் தமிழில் போட்டால், ஒருவர் படிக்காதவர், ஒருவர் படித்தவர் என்று நீங்களே ஒரு கோடு போட்டதாகிவிடும். அதிகாரியும் பேச்சில் "பாத்துட்டு இருக்கோம்" என்றுதான் சொல்லியிருப்பார். இருவருக்கும் ஒரே முறையை வையுங்கள்.

மரியாதை விகுதியும் அப்படித்தான். மேஸ்திரியை அவர் "அவன்" என்றால் "அவர்" என்று மாற்றுவது அவருடைய கோபத்தை அழிப்பது. அப்படியே போட்டால் நாளைக்கு அவருக்கு வேலை போகலாம். இரண்டும் வேண்டாம் என்றால் அந்த வாக்கியத்தை மேற்கோளாக எடுக்காமல் செய்தியை மட்டும் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். "நாங்க", "நம்ம" இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். "நாங்க கேட்டோம்" என்றால் கேட்டது தொழிலாளர்கள். அதை "நாம்" என்று ஆக்கினால் நீங்களும் உள்ளே வந்துவிடுகிறீர்கள்.

வடிவம் கொடுப்பது

எழுத்தாக்கியது ஏழாயிரம் சொல் இருக்கும், பதிவுக்கு ஆயிரத்து ஐந்நூறு போதும். அதனால் முக்கால் பங்குக்கு மேல் போகவேண்டும். ஆரம்பத்தில் எழுதிவைத்த அந்த ஒற்றைக் கேள்வியை எடுத்து, அதற்கு உதவாத பகுதிகளை முதலில் ஒதுக்குங்கள். கல்யாணம் ஆன கதை அழகாக இருக்கலாம், இந்தப் பதிவில் அதற்கு இடமில்லை என்றால் இல்லைதான்.

அப்புறம் வடிவத்தை முடிவு செய்யுங்கள். கேள்வி பதில் வடிவம், பேசுபவர் தானே கோவையாகப் பேசக்கூடியவராக இருந்தால் பொருந்தும். அங்கங்கே தொட்டுத் தொட்டுப் பேசுகிறவருக்கு, நீங்கள் சொல்லிக்கொண்டே போய் நடுநடுவே மேற்கோள் வைக்கும் வடிவம் நல்லது. முழுக்க அவரே "நான்" என்று பேசுவதாக எழுதும் வடிவமும் உண்டு, வாசிக்க உருக்கமாக இருக்கும். ஆனால் அதில் உங்கள் கை எங்கே பட்டது என்று யாருக்கும் தெரியாது, அதனால் முழு வரைவையும் அவருக்கு வாசித்துக் காட்டாமல் அந்த வடிவத்தில் வெளியிடவே கூடாது என்பேன்.

நம் துண்டு இரண்டாவது வடிவத்தில், தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்தபின், இப்படி வரும்:

விடியற்காலை 4 மணிக்கெல்லாம் அளத்துக்குப் போய்விடுகிறார்கள். "வெயிலுக்கு முன்னாடி வாரணும்லா," என்கிறார். பாத்தித் தண்ணீரின் அடர்த்தியை மானியில் அளந்து, 25 டிகிரி வந்தால்தான் உப்பு இறங்கும். மழைக்காலத்தில் இந்த வேலை எதுவும் கிடையாது. உப்பளக் குடும்பங்களுக்கு அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் போன வருடம் அவருக்குக் கிடைக்கவில்லை. "எனக்கு வரல, எங்க தெருவுல நாலஞ்சு பேருக்கு வந்துச்சு."

மேற்கோளாக வைத்தது இரண்டே இடம். நேரம், அடர்த்தி, தொகை எல்லாம் தகவல், அதை யார் சொன்னாலும் ஒன்றுதான், நீங்களே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர் சொன்னால்தான் உயிர் வரும் என்கிற இடத்துக்கு மட்டும் குறி போடுங்கள். கசப்பு விஷயத்தை விட்டுவிட்டோம், இந்தப் பதிவுக்கு அது தேவையில்லை.

பதில்களின் வரிசையை மாற்றலாமா? மாற்றலாம், பேச்சு நேர்கோட்டில் போவதில்லை. ஆனால் வரிசை மாறும்போது காரணம் மாறக்கூடாது. பத்தாவது நிமிடத்தில் "கடன் வாங்கித்தான் தீவாளி" என்றார், நாற்பதாவது நிமிடத்தில் "மூத்தவள நிப்பாட்டிட்டேன் படிப்ப" என்றார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கடனால் படிப்பு நின்றது என்று வாசகர் புரிந்துகொள்வார். அவர் சொன்ன காரணம் வேறாக இருக்கலாம். வெவ்வேறு இடத்தில் சொன்ன இரண்டு வாக்கியத்தை ஒரே மேற்கோளாக ஒட்டாதீர்கள். நடுவில் "என்கிறார்" வைத்துப் பிரியுங்கள், அல்லது இரண்டு பத்தியாக்குங்கள். மூன்று புள்ளி வைத்து ஒட்டுவது ஒரே பதிலுக்குள் மட்டும்தான்.

உங்கள் கேள்வியைச் சுருக்கும்போதும் இதே கவனம் தேவை. நீங்கள் "முதலாளி மேல கோபமே வரலியா?" என்று கேட்டு அவர் "வரும்தான்" என்றால், கேள்வியை வெட்டிவிட்டு "முதலாளிமேல் கோபம் வரும்தான்" என்று அவர் தானாகச் சொன்னதாகப் போடமுடியாது. கேள்வியோடு போடுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

வெளியிடும் முன்

வரைவை எடுத்து எல்லா மேற்கோளுக்கும் பக்கத்தில் ஒலிப்பதிவின் நிமிடத்தை எழுதி, ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு ஒப்பிடுங்கள். நிமிடம் எழுத முடியாத மேற்கோள் நினைவிலிருந்து வந்தது, அதை எடுத்துவிடுங்கள். எண், பேர், ஊர், உறவுமுறை இவற்றைத் தனியாக ஒருமுறை பாருங்கள். நிவாரணம் கிடைக்கவில்லை என்பது போன்ற விஷயத்தில் அவர் சொன்னதோடு நிற்காமல், திட்டம் என்ன, யாருக்குத் தகுதி என்று அரசாணையையோ தொழிலாளர் நல வாரிய அலுவலகத்தையோ பார்த்துவிட்டு எழுதுங்கள். யாரையாவது குறை சொல்லியிருந்தால் அந்தத் தரப்பிடமும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும், பதில் வராவிட்டால் கேட்டோம், வரவில்லை என்று எழுதலாம்.

பிறகு அந்த அக்காவைக் கூப்பிட்டு அவர் மேற்கோள்களையும் அவரைப் பற்றிய தகவல்களையும் வாசித்துக் காட்டுங்கள். இணைப்பு அனுப்பிப் படிக்கச் சொல்வதைவிட வாசிப்பது நல்லது, எங்கே தயங்குகிறார் என்று கேட்டே தெரிந்துகொள்ளலாம். தகவல் தவறு என்றால் திருத்துங்கள். ஆபத்து வரும் என்றால் எடுங்கள். "இன்னும் நல்லாச் சொல்லியிருக்கலாம், மாத்தி எழுதுங்க" என்றால், புதிதாகச் சொல்வதைப் புதிய மேற்கோளாக எடுத்துக்கொள்ளுங்கள், பழைய பதிலை அழகுபடுத்தாதீர்கள். இதே சலுகையைப் பதவியில் இருப்பவர்களுக்குக் கொடுக்கவேண்டியதில்லை, அவர்களிடம் எண்ணையும் பேரையும் சரிபார்த்தால் போதும், அதற்குமேல் போனால் சொன்ன எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்.

வெளியானபின் தவறு தெரிந்தால் சத்தமில்லாமல் மாற்றாமல், பதிவின் அடியில் எந்தத் தேதியில் எதைத் திருத்தினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். ஒலிப்பதிவையும் எழுத்தாக்கத்தையும் அவர் பேர் இல்லாத ஒரு கோப்பாக, பூட்டுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடமாவது இருக்கட்டும். பேர் வேண்டாம் என்று சொன்னவருடைய குரல் அதில் இருக்கிறது, அதனால் வாட்ஸப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், சக எழுத்தாளர் கேட்டாலும்கூட.